எப்போதும் ஒன்று ஐம்பது

"மேடம், உங்க கைடுல கடைசி சாப்டரைக் காணோமே?"

கேட்டவள் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு மாணவி. அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நாவலுக்கு நான் எழுதிய கைடு அவள் கையில் இருந்தது. விட்டுப்போகவில்லை, நடுவில் இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அம்முவும் வெளுத்தாவும் ஆற்றங்கரையில் முதன்முதலாகச் சந்திக்கும் இரவு அங்கே நான்கு வரியில் இருந்தது. அதற்கு மேலே சோஃபி மோள் விமானத்தில் வந்து இறங்கியது, கீழே வெளுத்தாவின் அப்பா மழையில் நனைந்துகொண்டு வந்து உண்மையைச் சொன்னது. எல்லாம் நடந்த வரிசையில், பிசகில்லாமல் இருந்தன.

அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அப்போ நாவல் ஏன் இந்த ராத்திரியில போய் முடியுதுன்னு பரீட்சையில கேட்டா, என்ன மேடம் எழுதுறது?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என் கைடில் ஒரு வரிகூடப் பதில் இல்லை. அப்படி ஒரு கேள்வி எழவே முடியாதபடிதான் நான் அதை எழுதியிருந்தேன்.

1997இல் வெளிவந்து அதே ஆண்டு புக்கர் பரிசு பெற்ற நாவல் இது. ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் 'சின்ன விஷயங்களின் கடவுள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. கோட்டயம் அருகே அய்மனம் கிராமம், மீனச்சில் ஆறு, ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். கதை இரண்டு காலத்தில் நடக்கிறது. ஒன்று 1969 டிசம்பரில் இரண்டு வாரம். இங்கிலாந்திலிருந்து வந்த சிறுமி சோஃபி மோள் ஆற்றில் மூழ்கிப்போகிறாள். சாதி கடந்து அம்முவை நேசித்த வெளுத்தாவைப் போலீஸ்காரர்கள் அடித்தே கொல்கிறார்கள். அம்முவின் இரட்டைக் குழந்தைகளில் ஒருவனான எஸ்தா, அப்பாவிடம் ரயிலேற்றி அனுப்பப்படுகிறான். இன்னொன்று, 23 ஆண்டு கழித்து ஒரு ஜூன் மாதம். மற்றொரு பிள்ளையான ராஹேல் ஊர் திரும்புகிறாள். இந்த இரண்டுக்கும் இடையே நாவல் 21 அத்தியாயங்களில் போய்ப் போய் வருகிறது.

படிக்கிற பிள்ளைகள் முதல் அத்தியாயத்திலேயே திணறிப்போவார்கள். அதில் ராஹேல் மழையில் வந்து இறங்குகிறாள். உடனே அவளும் எஸ்தாவும் பிறந்த கதை வருகிறது. அடுத்து சோஃபி மோளின் சவ அடக்கம், அம்மு போலீஸ் ஸ்டேஷன் போவது, எஸ்தாவின் ரயில், ராஹேலின் பள்ளிக்கூடங்கள், அமெரிக்கக் கல்யாணம், அம்முவின் அத்தை பேபி கொச்சம்மாவின் இளமைக்கால ஏக்கம் என்று அத்தனையும் ஒரே அத்தியாயத்துக்குள் இருக்கின்றன. "யார் எப்போ செத்தாங்கன்னே புரியல மேடம்" என்ற முறையீட்டை வருடா வருடம் கேட்டேன். எனவே ஒரு பதிப்பாளர் கைடு எழுதித்தரச் சொன்னபோது, கலைந்து கிடக்கும் கதையை அடுக்கித் தருவதுதான் என் வேலை என்று நம்பினேன். ஒரு கோடைவிடுமுறை முழுக்க உட்கார்ந்து அடுக்கினேன். 1962இல் தொடங்கி, 1969, 1973 வழியாக வந்து, ஊர் திரும்பிய ராஹேலோடு முடித்தேன். நல்ல கைடு என்று சக ஆசிரியர்கள் சொன்னார்கள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

அந்த மாணவி கேட்ட அன்று இரவு நாவலையும் கைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாவலின் முதல் அத்தியாயத்தில், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் திரும்பும் அம்மு, அவன் செத்துவிட்டான், கொன்றது நான்தான் என்ற பொருளில் முணுமுணுக்கிறாள். 'அவன்' யார் என்று வாசகருக்கு அப்போது தெரியாது. வெளுத்தா நம் கண்முன் நடமாடத் தொடங்கும்போதே அவன் இறந்தவன் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் அம்முவும் போய்விடுகிறாள், ஆலப்புழையில் ஒரு லாட்ஜ் அறையில், தன்னந்தனியாக. பதினெட்டில் வெளுத்தாவை அடிப்பதை ஒவ்வொரு அடியாகப் பார்க்கிறோம். இவ்வளவும் தெரிந்த பிறகுதான் இருபத்தோராம் அத்தியாயத்தில் அந்த இருவரும் முதல்முறையாக ஒருவரையொருவர் தொடுகிறார்கள், நாளைக்கு வருவதாகச் சொல்லிப் பிரிகிறார்கள். என் கைடைப் படித்தவருக்கு இந்த இடத்தில் எதுவும் தெரியாது. அவருக்கு அது இரண்டு பேர் சந்தித்த ஒரு ராத்திரி. நாவலின் கலைந்த வரிசை என்று நான் நினைத்ததுதான் நாவல் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ராய் கட்டடக்கலை படித்தவர். எந்த அறை வழியாக எந்த அறைக்குள் ஆளை அழைத்துப்போவது என்று திட்டம் போட்டுக் கட்டிய வீட்டை, நான் செங்கல் செங்கலாகப் பிரித்து, அளவுவாரியாக முற்றத்தில் அடுக்கிவைத்திருந்தேன்.

அடுக்கவே கூடாது என்பதில்லை. அடுக்காமல் இந்த நாவலைப் பாடம் நடத்த முடியாது. அடுக்கியதைச் சொல்லப்பட்ட வரிசையின் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் இரண்டாம் முறை செய்தேன்.

இந்தத் தடவை அத்தியாயத்துக்கு ஒரு சீட்டு என்று வைக்காமல், காட்சிக்கு ஒரு சீட்டு என்று வைத்தேன். முதல் அத்தியாயத்துக்கே பத்துச் சீட்டுக்கு மேல் போயிற்று. சீட்டின் மேலே அத்தியாய எண்ணும், அந்த அத்தியாயத்துக்குள் எத்தனையாவது காட்சி என்பதும் இருக்கும். பக்க எண்ணை எழுதுவதில்லை, பதிப்புக்குப் பதிப்பு மாறும். நடுவில் ஒரே வாக்கியத்தில் காட்சி. கீழே, இது எந்தக் காலம் என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பது. அந்தக் கடைசி வரியை எழுத முடியாத சீட்டைத் தனியே எடுத்து வைத்தேன். முதல் கைடு எழுதியபோது அந்த வரி இல்லை. தோன்றியதை எழுதிக்கொண்டே போயிருந்தேன்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஆண்டுகளைத் தேடினால் இந்த நாவலில் அதிகம் அகப்படாது. பொருள்களைத் தேட வேண்டும். எனக்கு அதிகம் உதவியது ஆறு. 1969இல் அது நிறைந்து ஓடுகிற ஆறு, குழந்தைகள் பயந்து மதிக்கிற ஆறு. ராஹேல் திரும்பி வரும்போது தடுப்பணை கட்டி, சுருங்கி, நாறிக் கிடக்கிறது. ஒரு காட்சியில் ஆறு எவ்வளவு அகலம் என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். அக்கரையில் 'வரலாற்று வீடு' என்று குழந்தைகள் சொல்லும் பாழடைந்த பங்களா முதல் காலத்தில் ரப்பர்த் தோட்டத்துக்குள் கேட்பாரற்றுக் கிடக்கிறது, இரண்டாம் காலத்தில் அது நட்சத்திர ஹோட்டல். குடும்பத்தின் நீல பிளிமத் கார் ஓடினால் ஒரு காலம், துருப்பிடித்து நின்றால் இன்னொன்று. பேபி கொச்சம்மா தோட்டத்தில் நின்றால் முந்தியது, டிஷ் ஆன்டெனா வைத்த டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தால் பிந்தியது.

மழையை மட்டும் நம்பக் கூடாது. நாவல் ஜூன் மழையில் ஆரம்பிப்பதால், மழை என்றதும் பிள்ளைகள் ராஹேல் திரும்பிய காலம் என்று எழுதிவிடுகிறார்கள். வெளுத்தாவின் அப்பா வெள்ளியா பாப்பன், அம்முவின் அம்மா மம்மாச்சியின் அடுக்களை வாசலுக்கு வருகிற டிசம்பர் மாலையிலும் மழை கொட்டுகிறது. ஆறு பெருகுவதும், குழந்தைகளின் படகு கவிழ்வதும் அந்த மழையால்தான்.

இப்போது சொல்லப்போவது, எனக்கு இன்னும் மனசு ஆறாத ஒன்று. முதல் கைடில் 'சோஃபி மோள் வருகை: 1969 டிசம்பர் 12' என்று அச்சிட்டிருந்தேன். நாவலில் அந்தத் தேதி கிடையாது. டிசம்பர் என்று மட்டும் இருக்கிறது. அவள் அப்பா சாக்கோ அவளையும் அவள் அம்மா மார்கரெட் கொச்சம்மாவையும் கிறிஸ்துமஸுக்குத்தான் அழைத்திருந்தான் என்பதால், மாதத்தின் நடுவில் ஒரு நாள் இருக்கலாம் என்று நினைத்துக் குத்துமதிப்பாகப் போட்டேன். அட்டவணையில் எல்லா வரிக்கும் தேதி இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டு வருடம் கழித்து விடைத்தாள் திருத்தும்போது, 'டிசம்பர் 12 அன்று' என்று கட்டுக் கட்டாக விடைத்தாள்களில் பார்த்தேன். வேறு ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள். அருந்ததி ராய் எழுதாத ஒரு தேதியை அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள், என் பேச்சை நம்பி.

அது தேவையில்லாத தேதி மட்டுமல்ல, தவறான தேதியும்கூட என்பது இரண்டாம் முறை கணக்குப் போட்டபோது தெரிந்தது. குடும்பம் காரில் கொச்சிக்குக் கிளம்பும் நாளை முதல் நாள் என்று வைத்துக்கொள்வோம். அன்று லெவல் கிராஸிங், ஊர்வலம், அபிலாஷ் டாக்கீஸில் சினிமா, இரவு கொச்சி ஹோட்டல். இரண்டாம் நாள் விமான நிலையம், திரும்பி வருதல், வரவேற்பு கேக். அன்று மத்தியானம் அம்முவும் வெளுத்தாவும் ஒருவரையொருவர் புதிதாகப் பார்க்கிறார்கள். அன்று இரவே ஆற்றங்கரை. கடைசி அத்தியாயம், அதற்கடுத்த பதின்மூன்று இரவுகளும் அவர்கள் சந்தித்ததாகச் சொல்கிறது. மொத்தம் 14 இரவு. ஆக, பதினைந்தாம் நாள் இரவு கடைசிச் சந்திப்பு. பதினாறாம் நாள் மாலை வெள்ளியா பாப்பன் வருகிறார், அம்முவை அறையில் பூட்டுகிறார்கள், பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் ஆத்திரத்தில் சொன்ன சொல்லைக் கேட்டுக் குழந்தைகள் இரவில் படகேறுகிறார்கள்.

இந்தக் கணக்கில் என் டிசம்பர் 12ஐப் பொருத்திப் பார்த்தேன். வருகை 12 என்றால் பதினான்காவது இரவு டிசம்பர் 25. அதாவது ஒரு சிரியன் கிறிஸ்தவ வீட்டில், கிறிஸ்துமஸுக்கென்றே கடல் கடந்து விருந்தாளிகள் வந்திருக்கும் வீட்டில், கிறிஸ்துமஸ் வந்து போயிருக்கிறது, அதைப் பற்றி நாவலில் ஒரு காட்சியும் இல்லை என்று ஆகிறது. நான் போட்ட ஒரு பொய்த் தேதி நாவலுக்குள் ஒரு பண்டிகையையே கொண்டுவந்து, அதை மறைத்தும் வைத்துவிட்டது! இப்போதைய கைடில் தேதி இல்லை. நாள் 1, நாள் 2, நாள் 16 என்று மட்டும் இருக்கிறது. நாவல் நேரடியாகச் சொல்வதற்குப் பேனா, நான் கணக்குப் போட்டு எட்டியதற்குப் பென்சில் என்று சீட்டில் வைத்திருந்த பழக்கத்தை, அச்சில் அழுத்த எழுத்து, சாய்வெழுத்து என்று மாற்றிக்கொண்டேன். நாள் 16 சாய்வெழுத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் காலத்தின் ஆண்டையும் அப்படித்தான் சோதித்தேன். 1993 என்று எல்லாரும் சொல்கிறோம், நானும் கேள்வி கேட்காமல் எழுதியிருந்தேன். அது எங்கிருந்து வருகிறது? சவ அடக்கத்துக்கு இரண்டு வாரம் கழித்து எஸ்தாவை ரயிலேற்றுகிறார்கள், மெட்ராஸ் மெயிலில். 1969 கடைசியாகவோ 1970 ஆரம்பமாகவோ இருக்கும். அவன் 23 வருடம் கழித்துத் திருப்பி அனுப்பப்படுகிறான், அது 1993ஐ ஒட்டி வருகிறது. இதற்குத் தனியாக இன்னொரு சாட்சியும் இருக்கிறது, ராஹேலின் கைக்கடிகாரம். அது பொம்மைக் கடிகாரம். முள் நகராது, நேரம் வர்ணத்தில் எழுதியிருக்கும், எப்போதும் ஒன்று ஐம்பது. ஐந்தாம் அத்தியாயத்தில், ஹோட்டலாகிவிட்ட வரலாற்று வீட்டின் புல்லுக்கடியில் அந்தக் கடிகாரம் 23 ஜூன் மழைகளுக்குக் கீழே புதைந்து கிடப்பதாகச் சொல்கிறார் ராய். 1970 ஜூன் முதல் மழை என்றால் 1992 ஜூன் இருபத்து மூன்றாவது. அடுத்த ஜூனில் ராஹேல் வருகிறாள் என்றால் 1993. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அந்தக் கடிகாரம் எப்படி அங்கே போயிற்று என்பதை நாவல் பின்னால், பல அத்தியாயம் தாண்டித்தான் சொல்லப்போகிறது. முதலில் புதையல், பிறகு தொலைத்தல். இந்தச் சீட்டை மட்டும் வகுப்பில் காட்டினால் போதும், நாவல் எப்படி நகர்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. இரட்டையர் பிறந்தது சீனப் போர் நடந்த 1962 நவம்பரில். 1993 ஜூனில் அவர்களுக்கு முப்பது வயது முடிந்து ஏழு மாதம். நாவல் முப்பத்தொன்று என்கிறது. முதல் கைடில் நான் 93இலிருந்து 62ஐக் கழித்து 31 என்று எழுதி நகர்ந்துவிட்டேன், மாதத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது எதைத் திருத்துவது என்று ஒரு வாரம் குழம்பினேன். ஆண்டை 1994 என்று தள்ளினால் 23 மழை இடிக்கும். பிறந்த ஆண்டை 1961 என்று தள்ளினால் போர் இடிக்கும். நம் பேச்சில் 'முப்பத்தொண்ணு நடக்குது' என்போமே, அந்தக் கணக்குப்படி சரியாக வருகிறது. ராய் அப்படி நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம். 1969இல் 27 வயதான அம்மு நான்கு வருடம் கழித்து இறந்தபோது அவளுக்கு 31. பிள்ளைகள் அந்த வயதை எட்டி நிற்கும்போதுதான் ஒருவரையொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்பது நாவலின் தேவை. அதனால் கைடில் இரண்டு எண்ணையும் போட்டு, இடிப்பதையும் அப்படியே எழுதிவிட்டேன். சரி செய்யவில்லை. நாவலில் இருக்கிற முரணை கைடு எழுதுகிறவர் கழுவித் துடைப்பது, பொய்த் தேதி போடுவதற்குச் சமமான தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

சீட்டுகள் முடிந்ததும் வகுப்பில் நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி ஒரு பெரிய தாள் செய்தோம். இடமிருந்து வலமாக 21 அத்தியாயம், அதாவது சொல்லப்பட்ட வரிசை. மேலிருந்து கீழாக நடந்த வரிசை, மேலே 1962, கீழே 1993. ஒவ்வொரு சீட்டையும் இரண்டு கணக்கும் சந்திக்கும் இடத்தில் ஒட்டி, நூலால் இணைத்தார்கள். முதல் அத்தியாயத்தில் நூல் மேலும் கீழும் அடித்துக்கொண்டு ஒரு முடிச்சுபோல நின்றது. இரண்டிலிருந்து எட்டு வரை 1969, 1993, 1969, 1993 என்று ரம்பப் பல்லாக ஏறி இறங்கியது. பதின்மூன்றைத் தாண்டியதும் கீழே இறங்குவது குறைந்து, 1969இன் அந்தச் சில நாட்களிலேயே சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருங்கின. நாவலின் பின்பாதியைப் படிக்கும்போது மூச்சு முட்டுகிறது என்று பிள்ளைகள் சொல்வதன் காரணம் தாளில் கண்ணுக்குத் தெரிந்தது.

என் கைடில் இல்லாமலிருந்த இன்னொரு பத்தியையும் சேர்த்தோம். ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே, 'இந்த இடத்துக்கு வரும்போது வாசகருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?' என்ற கேள்வி. அதை நிரப்பத்தான் அதிக நேரம் ஆயிற்று, நான்கு வகுப்பு. அபிலாஷ் டாக்கீஸ் காட்சிக்கு எழுதும்போது பிள்ளைகள் சண்டையே போட்டார்கள். சோஃபி மோள் இறப்பாள் என்று தெரியும், ஆனால் எஸ்தாவுக்கு அன்று தியேட்டரில் நேர்ந்த கொடுமைக்கும் அந்தப் படகுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது தெரியுமா, தெரியாதா என்று. புத்தகத்தைத் திறந்து, அந்தப் பக்கம் வரை மட்டும் பார்த்து, தெரியாது என்று முடிவுசெய்தார்கள். பின்னால் படித்ததை முன்னால் கொண்டுவந்து வைக்காமலிருப்பது எனக்கே கஷ்டமாக இருந்தது.

கடைசிச் சீட்டை ஒட்ட, முதலில் கேள்வி கேட்ட அந்த மாணவியையே கூப்பிட்டேன். அவள் அப்போது படிப்பை முடித்து எம்.ஃபில். சேர்ந்திருந்தாள், எங்கள் வகுப்புக்கு வந்து உதவிக்கொண்டிருந்தாள். சீட்டை எடுத்துக்கொண்டு தாளின் வலது ஓரத்துக்கு, 21க்குக் கீழே போய் நின்றாள். நூல் அதற்கு முந்தின அத்தியாயத்தில் தாளின் அடியில், 1993இல் நின்றிருந்தது. அங்கிருந்து மேலே ஏற்றி, நாள் 2 இரவுக்குக் கொண்டுபோய் ஒட்டினாள். அந்த இரவுக்குக் கீழே பதின்மூன்று இரவும், வெள்ளியா பாப்பனின் மழையும், படகும், போலீஸும், மெட்ராஸ் மெயிலும் வரிசையாக இருந்தன. எல்லாச் சீட்டுக்கும் இடப்பக்கத்திலேயே நூல் போய் வந்துவிட்டது. கடைசிச் சீட்டின் வலப்பக்கம் வெறும் தாள்.

கீழ்ப் பத்தியில் என்ன எழுதுவது என்று முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"எல்லாமே தெரியும்னு எழுதும்மா. நமக்கு எல்லாமே தெரியும், அவங்க ரெண்டு பேருக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள் அவள், சீட்டின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே. பசை சரியாகப் பிடிக்காமல் அது கழன்று கழன்று வந்தது. கடைசியில் குண்டூசி குத்தி நிறுத்தினோம்.

இரண்டாம் கைடில் அந்த அத்தியாயத்துக்கு ஏழு பக்கம் கொடுத்திருக்கிறேன். அது இருக்க வேண்டிய இடத்தில், கடைசியில் இருக்கிறது.